இரண்டு கோடுகளுக்கு நடுவே நான்கு மணி நேரம்

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில், வலியோடு படுத்திருக்கும் பெண்ணின் கேஸ் ஷீட்டோடு சேர்த்து ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கும். பார்ட்டோகிராஃப் என்று அதற்குப் பெயர். அதன் நடுப்பகுதியில் சாய்வாக இரண்டு கோடுகள் அச்சாகியிருக்கும். முதல் கோடு 4 சென்டிமீட்டரில் தொடங்கி, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஏறி, 10 சென்டிமீட்டரில் முடியும். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கான அளவு அது. 10 என்றால் முழுத் திறப்பு. இனி முக்கலாம் என்று பொருள். இதை எச்சரிக்கைக் கோடு என்பார்கள். இதற்கு வலப்புறம், அதே சாய்வில், சரியாக நான்கு மணி நேரம் தள்ளி இன்னொரு கோடு ஓடும். அது நடவடிக்கைக் கோடு.

ஏன் நான்கு மணி நேரம்? இதைத் தெரிந்துகொண்டால் அந்தத் தாளின் பாதி புரிந்துவிடும்.

பிரசவ வலியைக் கட்டத்தாளில் வரைந்து பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர். 1954இல் அவர் வரைந்தது, நேரம் போகப் போகக் கர்ப்பப்பை வாய் எப்படித் திறக்கிறது என்ற வளைகோடு. அதைக் கிராமத்துக்குப் பயன்படும் கருவியாக மாற்றியவர்கள் ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள். அவர்கள் வேலை பார்த்தது அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில். அங்கே பெரும்பாலான பிரசவங்களைப் பார்த்தவர்கள், டாக்டர் இல்லாத சிறு மையங்களில் இருந்த செவிலியர்கள். ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தது. சிக்கல் முற்றிய பிறகு வண்டி ஏற்றினால், வந்து சேர்வதற்குள் குழந்தையோ தாயோ போய்விடும். ஆகவே, தலைப்பிரசவக்காரர்களில் மிக மெதுவாக முன்னேறும் பத்துச் சதவீதத்தினரின் வேகத்தைக் கணக்கில் கொண்டு ஒரு கோடு போட்டார்கள். யாருடைய வரைகோடு இதற்கு வலப்புறம் சரிகிறதோ அவரை அனுப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும், அங்கே ஒருமுறை பரிசோதித்து முடிவெடுக்கவும் நான்கு மணி நேரம் ஒதுக்கி இரண்டாவது கோட்டைப் போட்டார்கள். 1972இல் இது ஆய்விதழில் வெளியானது.

அதாவது, இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடம் காத்திருப்பதற்கான இடமில்லை. அது பயண நேரம். ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் கோட்டைத் தாண்டினால் கூர்ந்து பார்க்கலாம், இரண்டாவது கோட்டில் முடிவெடுக்கலாம். தியேட்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் கோடுதான் கடைசிக் கோடு. நம் நாட்டில் செவிலியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் கொடுக்கப்படும் பிரசவப் பயிற்சியும் இதையே சொல்கிறது: எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடு, மேல் சிகிச்சைக்கு அனுப்பு, நடவடிக்கைக் கோட்டைத் தொடும்போது அந்தப் பெண் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

தாளை எப்போது தொடங்குவது என்பதிலேயே முதல் தவறு நடக்கும். இடுப்பு வலி என்று வந்த எல்லோருக்கும் உடனே தொடங்கக் கூடாது. சூட்டு வலியாக இருக்கலாம். நிஜ வலியாகவே இருந்தாலும் முதல் மூன்று சென்டிமீட்டர் திறக்கப் பல மணி நேரம் ஆகும். அந்தக் கட்டம் யாருக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லவே முடியாது. 2 சென்டிமீட்டரில் இருப்பவருக்குத் தாளைத் தொடங்கிவிட்டால், நன்றாக இருக்கும் பெண்ணும் கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தெரியும். பிறகு தேவையில்லாத வலி ஊசி, தேவையில்லாத வண்டி. இந்தக் குழப்பத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2000இல் தன் தாளைத் திருத்தி, தொடக்க நிலைப் பகுதியையே எடுத்துவிட்டது. வாய் 4 சென்டிமீட்டர் திறந்து, பத்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று வலியாவது வரும்போது முதல் பெருக்கல் குறியை எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே போட வேண்டும். வரும்போதே 6 சென்டிமீட்டர் என்றால் கோட்டில் 6 வரும் இடத்தில் போட வேண்டும். அந்தக் குறிக்கு நேர் கீழே மணியை எழுத வேண்டும். அங்கிருந்து கணக்கு ஓடும்.

ஒரு தாளை எடுத்துப் பார்ப்போம். பாடத்துக்காக எழுதிய தாள்தான். ஆனால் இதில் இருப்பதெல்லாம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கக்கூடியவை. 23 வயதுப் பெண், தலைப்பிரசவம். மாவட்டத் தலைமை மருத்துவமனை 45 கிலோமீட்டர் தள்ளி. காலை 6 மணிக்கு உள்ளே பரிசோதித்தபோது 4 சென்டிமீட்டர். பனிக்குடம் உடையவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 142. செவிலியர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வலி வந்தது. ஒவ்வொன்றும் முப்பது நொடி நின்றது. தாளில் மூன்று கட்டங்களில் சாய்கோடு போடுகிறார். இருபது நொடிக்குள் அடங்கும் வலிக்குப் புள்ளி, இருபதிலிருந்து நாற்பது நொடி வரை சாய்கோடு, நாற்பதைத் தாண்டினால் கட்டம் முழுவதும் கறுப்பு. நன்றாகப் போகும் பிரசவத்தில் இந்த வரிசை மணிக்கு மணி உயர்ந்து கறுத்துக்கொண்டே போகும்.

இனி அரை மணிக்கு ஒருமுறை மூன்றைப் பார்க்க வேண்டும்: குழந்தையின் துடிப்பு, வலியின் எண்ணிக்கை, தாயின் நாடி. நான்கு மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் காய்ச்சலும். கைவிட்டுப் பார்க்கும் பரிசோதனையும் நான்கு மணிக்கு ஒருமுறைதான். அதை அடிக்கடி செய்தால் கிருமி ஏறும், குறிப்பாகப் பனிக்குடம் உடைந்த பிறகு.

6.30, 7.00, 7.30: துடிப்பு 140, 144, 138. வலி மூன்று, அதே முப்பது நொடி. 8.30க்குப் பனிக்குடம் உடைகிறது. நீர் தெளிவாக இருக்கிறது. 9 மணிக்கு வலி இரண்டாகக் குறைகிறது. 9.30க்கும் இரண்டுதான், இருபத்தைந்து நொடி. பக்கத்தில் நிற்கும் அம்மா, "வலி விட்டுப்போச்சு போல, கொஞ்சம் தூங்கட்டுமே சிஸ்டர்" என்கிறார். 10 மணிக்கு உள்ளே பார்த்தால் 6 சென்டிமீட்டர்.

ஆறு சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்று கேட்டால் எல்லாம் நன்றாகப் போவது போலத்தான் இருக்கும். வாயால் சொன்னால் அது நல்ல செய்தி. தாளில் குறித்தால்தான் விஷயம் தெரியும். 10 மணிக்குக் கோட்டின்படி 8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 6 சென்டிமீட்டருக்கான குறி கோட்டுக்கு வலப்புறம் இரண்டு மணி நேரம் தள்ளி விழுகிறது. அதற்கு நேர் மேலும் கீழும் உள்ள வரிசைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குழந்தையின் துடிப்பு சரி. நீர் தெளிவு. ஆனால் வலி ஏறவேண்டிய நேரத்தில் இறங்கியிருக்கிறது. ஆக, திறப்பு மெதுவாவதற்கு வலி போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னும் இரண்டு மணி நேரத்தில், பகல் 12க்கு, இதே 6 சென்டிமீட்டரில் நடவடிக்கைக் கோடு வந்துவிடும்.

இங்கே செவிலியர் டாக்டரிடம் பேசும் விதம் முக்கியம். "மேடம், ஒரு கேஸ் கொஞ்சம் ஸ்லோவா போகுது" என்றால், "சரி, ஓபி முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறு.

"மேடம், தலைப்பிரசவம். காலைல ஆறு மணிக்கு நாலு சென்டிமீட்டர், இப்போ பத்து மணிக்கு ஆறு. அலர்ட் லைன் ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு. எட்டரைக்குத் தண்ணி உடைஞ்சது, கிளியரா இருக்கு. குழந்தை துடிப்பு 146. வலி மூணுலேர்ந்து ரெண்டாக் குறைஞ்சிருக்கு. பிபி 116க்கு 74. யூரின் போக வெச்சிட்டேன். நீங்க வந்து பார்க்கணும் மேடம், 108க்கும் சொல்லட்டுமா?"

இப்படிச் சொல்ல அரை நிமிடம் போதும். இதில் சிறுநீரைப் பற்றிச் சொன்னது சும்மா இல்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும், வலியையும் மந்தமாக்கும்.

டாக்டர் வந்து பார்க்கிறார். வலி போதவில்லை என்றால் இங்கேயே வலி ஊசி ஏற்றிவிடலாமே என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. ஆக்ஸிடோசின் டிரிப்ஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கூடாது. வலி எதனால் குறைந்தது என்பது இன்னும் தெரியாது. தலை பெரிதாகவோ, திரும்பியோ இருந்து, இடுப்புக் குழியில் மாட்டிக்கொண்டு கர்ப்பப்பை சோர்ந்திருக்கலாம். அந்த நிலையில் வலியைக் கூட்டினால் குழந்தைக்கு மூச்சு முட்டும். கர்ப்பப்பையே கிழிந்துவிடவும் கூடும். உடனே ஆபரேஷன் செய்ய வழியில்லாத இடத்தில் அந்த டிரிப்ஸைத் தொங்கவிடுவது பெரிய ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் ஊசியும் இதே மருந்துதான். அது எல்லோருக்கும் போட வேண்டியது. பிரசவத்துக்கு முன் ஏற்றுவது வேறு விஷயம்.

10.30க்கு அனுப்ப முடிவாகிறது. வண்டி 10.50க்குக் கிளம்புகிறது. தாளின் நகல் கூடவே போகிறது. மூலம் நிலையத்தில் இருக்கிறது. 11.50க்கு மாவட்ட மருத்துவமனையின் சீமாங் மையத்தில் இறங்கும்போது, அங்கே இருக்கும் செவிலியர் முதலிலிருந்து எதையும் கேட்கத் தேவையில்லை. அடுத்த கட்டத்திலிருந்து தொடர்ந்து எழுதுகிறார். 12 மணிக்கும் 6 சென்டிமீட்டர்தான். தலை சரியான நிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, தியேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, அங்கே டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். மாலை 5 மணி வாக்கில் சுகப்பிரசவம். கோட்டைத் தாண்டினால் ஆபரேஷன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எதற்கும் வசதியுள்ள இடத்தில் இருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள்.

இதே தாளில் திறப்பு கோட்டைத் தாண்டாமலே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலையும் வரும். குழந்தையின் துடிப்பு வரிசைதான் அதில் முக்கியமானது. வலி வரும்போது கர்ப்பப்பை இறுகி, நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறையும். தெம்பான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். தெம்பில்லாத குழந்தையின் துடிப்பு வலி முடிந்த பிறகும் இறங்கியே இருந்து, மெதுவாகத்தான் மேலேறும். ஆகவே வலி அடங்கியவுடன், ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் இந்த இறக்கம் கண்ணில் படாது. கேட்கும்போதே இன்னொரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். டாப்ளர் கருவி சில சமயம் தாயின் ரத்த ஓட்டத்தையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். பயந்திருக்கும் தாயின் நாடி 120 இருந்தால், அது குழந்தையின் எண் போலவே தோன்றும். இரண்டும் ஒன்றாக ஓடினால் குழந்தையை இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் பயிற்சிக் கையேடுகள் கீழ்வரம்பை 120 என்று இன்னும் எச்சரிக்கையாக வைத்திருக்கின்றன. வரம்பைத் தாண்டினால் முதலில் தாயை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, அடுத்த வலிக்குப் பின் மறுபடி கேட்டு, சரியாகவில்லை என்றால் உடனே டாக்டர். ஆனால் வரம்பு மட்டும் பார்ப்பது போதாது என்பது என் அழுத்தமான கருத்து. 138, 144, 150, 156, 158 என்று எழுதிய வரிசையில் ஒவ்வோர் எண்ணும் சரியான எண்தான். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் அது ஏறிக்கொண்டே போவது தெரியும். அதோடு தாயின் நாடியும் ஏறி, உடம்பும் சுட்டால் உள்ளே கிருமித் தொற்று தொடங்கியிருக்கலாம். புள்ளியாக விடாமல் கோடாக இணைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

துடிப்புக்குக் கீழே நீரின் நிறம். பனிக்குடம் உடையாமல் இருந்தால் ஒரு எழுத்து, தெளிவாக இருந்தால் ஒன்று, பச்சையாக இருந்தால் ஒன்று, ரத்தம் கலந்திருந்தால் ஒன்று. "உள்ளேயே மோஷன் போயிடுச்சு" என்று நம் வீடுகளில் சொல்வது இந்தப் பச்சையைத்தான். லேசான பச்சை, துடிப்பு சரியாக இருக்கும்போது, விழிப்பாக இருக்கச் சொல்லும் அறிகுறி. கட்டியாக, கூழ் போல வந்தால் அல்லது துடிப்பும் கெட்டால், அது உடனே கூப்பிட வேண்டிய அறிகுறி. பனிக்குடம் உடைந்த கையோடு இன்னொன்றையும் செய்ய வேண்டும்: துடிப்பை மறுபடி கேட்பது. நீரோடு தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்டால், முதலில் தெரிவது துடிப்பின் திடீர் வீழ்ச்சியில்தான்.

தாயின் பகுதி தாளின் அடியில் இருக்கும். அவசரத்தில் முதலில் காலியாக விடப்படுவதும் அதுதான். ரத்த அழுத்தம் மேலே 140 அல்லது கீழே 90ஐத் தொட்டாலே சிறுநீரில் ஆல்புமின் பார்த்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 160, 110 என்று ஏறி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் ஜன்னி வாசலில் நிற்கிறது. மெக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் தவணையாக ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் ஊசி போட்ட பிறகே வண்டி ஏற்ற வேண்டும். வலி வரிசையிலும் இரண்டு அபாயங்கள் உண்டு. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வந்தால் குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளி இல்லை. கட்டம் கறுத்து நன்றாகப் போய்க்கொண்டிருந்த வலி திடீரென்று நின்று, வயிறு மட்டும் விடாமல் வலித்து, நாடி எகிறினால் கர்ப்பப்பை கிழிந்திருக்கலாம். முன்பு ஆபரேஷன் செய்த பெண்ணிடம் இது கூடுதல் கவலை.

இந்தத் தாளின் பெரிய நோய், பிரசவம் முடிந்த பிறகு நிரப்பப்படுவது. அப்படி எழுதிய தாளைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. குறிகள் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே அடிபிசகாமல் ஏறும். துடிப்பு காலை முதல் மாலை வரை 140. ரத்த அழுத்தம் எப்போதும் 120க்கு 80. நிஜ உடம்பு இப்படி நடந்துகொள்வதில்லை. இரவு ஷிஃப்டில் ஒரே செவிலியர், ஒரு பக்கம் பிரசவம், இன்னொரு பக்கம் தையல், காலையில் கணக்குக் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட பதிவேடுகள் என்று இருக்கும்போது, தாளைக் கடைசியில் நிரப்பும் பழக்கம் வருகிறது. ஆய்வுக்கு வருபவர் தாள் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், இந்தப் பழக்கத்துக்கு அவரே காரணமாகிறார். நேரத்தோடு எழுதிய அரைகுறைத் தாள், பிறகு எழுதிய முழுத் தாளைவிட மேல். அரைகுறைத் தாள் 10 மணிக்கு ஒரு கேள்வியைக் கேட்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவில் முப்பத்தைந்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் இதைச் சோதித்தது. 1994இல் வந்த முடிவு: இழுத்துக்கொண்டு போகும் பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆயின; வலியைக் கூட்ட மருந்து ஏற்றியது 20.7லிருந்து 9.1 ஆனது. தாளோடு சேர்த்து, கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்ற நெறிமுறையும் அங்கே இருந்தது என்பதை மறக்கக் கூடாது. பின்னால் வந்த ஆய்வுகள் சில சந்தேகங்களையும் கிளப்பின. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகம் பல பெண்களுக்குப் பொருந்தவில்லை; அதைவிட மெதுவாகப் போயும் நன்றாகப் பிரசவித்தவர்கள் ஏராளம். ஆகவே 2020இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய படிவத்தில் சாய்கோடே கிடையாது. கணக்கு 5 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி வரம்பு: 5இல் ஆறு மணி நேரம் நின்றால் எச்சரிக்கை, 6இல் ஐந்து மணி நேரம், 7இல் மூன்று மணி நேரம் என்று போகும். கூட ஒரு துணை இருக்கிறாரா, தாய் தண்ணீர் குடித்தாரா என்றும் அது கேட்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்தப் பொறுமை தேவையற்ற ஆபரேஷன்களைக் குறைக்கும். 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையம் அந்தப் பொறுமையில் பயண நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். வரம்பை எட்டும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு வண்டிக்குச் சொல்லக் கூடாது.

துணைக்கு நிற்கும் அம்மாவோ மாமியாரோ இந்தத் தாளைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த அரை மணிக் குறிப்பு வரைக்கும் காத்திருக்காமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டிய சில உண்டு: கசியும் நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறுவது, இடைவெளி விடாத வலி, தலைவலியோடு கண்ணுக்குள் மின்னுவது, உடம்பு சில்லிட்டு வேர்ப்பது, பனிக்குடம் உடைந்ததும் கயிறு போல ஏதோ வெளியே தெரிவது. கடைசியில் சொன்னதைக் கண்டால் தாயை உடனே முட்டிபோட்டுக் குனிய வைத்து, இடுப்பு உயர்ந்தும் தலை தாழ்ந்தும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டுச் சிஸ்டரை அழைக்க வேண்டும்.